நிலம் வாங்கப் போகிறீர்களா? பட்டா நகலில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பி வில்லங்கம் பார்க்காதீர்கள்

நிலம் வாங்க நினைக்கும் விவசாயிகளிடம் இன்று இரண்டு தாள்கள் தவறாமல் இருக்கின்றன. ஒன்று, விற்பவர் பெயரில் உள்ள பட்டா நகல். இன்னொன்று, ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்த ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று. இரண்டையும் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துவிடலாம். ஆனால், இரண்டும் சரியாக இருந்தும் நிலம் வாங்கிய பிறகு வங்கிக் கடனோ, பங்கு கேட்கும் வாரிசோ வந்து நிற்பது உண்டு. தாள்கள் போலியானவை அல்ல. பட்டாவில் இருப்பது நிலத்தின் இன்றைய எண். நிலத்தின் பழைய கதை வேறு எண்ணில் பதிவாகி இருக்கும். அந்தப் பழைய எண்ணைக் கண்டுபிடித்து, அதிலும் தேடுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் கிராமங்களில் உள்ள பட்டா விவசாய நிலங்களுக்கான வழிமுறை இது. நகராட்சி, மாநகராட்சிப் பகுதி மனைகளுக்கான பதிவேடு வேறு.

பட்டா நகலை நீங்களே எடுங்கள்

விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டாவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அவரிடம் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், புல எண் (சர்வே நம்பர்) ஆகிய நான்கை மட்டும் கேட்டு வாங்குங்கள். நாம் ஊர் என்று சொல்வது குக்கிராமமாக இருக்கலாம். அது எந்த வருவாய் கிராமத்தில் சேர்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருவாய்த் துறையின் நிலப் பதிவுகள் இந்த முகவரியில் உள்ளன.

```
eservices.tn.gov.in
```

அதில் பட்டா, சிட்டா, புலப்படம் பார்வையிடும் பகுதிக்குள் சென்று, கிராமப்புறம் என்பதைத் தேர்ந்தெடுத்து, மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றை வரிசையாகக் கொடுங்கள். பட்டா எண் வழியாகவும் தேடலாம், புல எண் வழியாகவும் தேடலாம். நீங்கள் புல எண் வழியாகவே தேடுங்கள். காரணம் இருக்கிறது. புல எண்ணைக் கொடுத்ததும், அந்த எண்ணில் உள்ள உட்பிரிவுகளின் பட்டியல் திரையில் வரும். அந்தப் பட்டியலைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டால் அதைக் கொடுத்து, பட்டாவைத் திறந்து பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

விற்பவர் கொடுத்த நகலைத்தான் சரிபார்க்க வேண்டும் என்றால், அதில் உள்ள குறிப்பு எண்ணை இதே தளத்தின் பட்டா சரிபார்க்கும் பகுதியில் கொடுத்துப் பாருங்கள். நகலில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், திறக்கும் பக்கத்தின் முகவரி tn.gov.in என்ற அரசு முகவரிதானா என்று கவனியுங்கள். திரையில் வரும் பெயரும் பரப்பும் தாளில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

பட்டா நகலில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

விளக்கத்துக்காக ஒரு மாதிரி நிலத்தை எடுத்துக்கொள்வோம். விற்பவர், ‘1 ஏக்கர் 60 சென்ட் நிலம், பாகப்பிரிவினையில் எனக்கு வந்தது, பட்டா என் பெயரில் தனியாக இருக்கிறது’ என்கிறார். புல எண் 142/3A.

முதலில் பெயரைப் பாருங்கள். உரிமையாளர் பகுதியில் ஒரே ஒரு பெயர் இருந்தால் தனிப் பட்டா. ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் கூட்டுப் பட்டா. கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால், அவருடைய பங்கைத்தான் அவர் விற்க முடியும். அந்தப் பங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் பட்டாவில் இருக்காது. நம் மாதிரியில் விற்பவர் பெயர் மட்டுமே இருக்கிறது.

அடுத்து பரப்பு. பட்டாவில் ஏக்கர், சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். நம் நிலத்துக்கு 0 - 62.50 என்று இருக்கிறது. அதாவது 0 ஹெக்டேர், 62.50 ஏர். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். 62.50-ஐ 2.47-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 154.4 சென்ட், அதாவது 1 ஏக்கர் 54.4 சென்ட் வருகிறது. விற்பவர் சொன்னதற்கும் பட்டாவுக்கும் ஏறத்தாழ ஐந்தரை சென்ட் குறைகிறது. சென்ட் 20,000 ரூபாய் என்று பேசியிருந்தால், இது ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்.

இந்த வித்தியாசம் பெரும்பாலும் மோசடி அல்ல. பழைய பத்திரங்களில் குத்துமதிப்பாக எழுதிய ஏக்கர் கணக்கை, அடுத்தடுத்த பத்திரங்களிலும் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். நில அளவையில் வந்த கணக்கு வேறாக இருக்கும். கிரயப் பத்திரத்தில் 1 ஏக்கர் 60 சென்ட் என்று எழுதிக்கொண்டாலும், பட்டா மாறும்போது பதிவேட்டில் உள்ள பரப்புதான் உங்கள் பெயருக்கு வரும். எனவே பட்டா பரப்புக்கு விலை பேசுங்கள். அல்லது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். பட்டாவோடு கிடைக்கும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டால், வரப்பும் கல்லும் அதில் உள்ள அளவோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

மூன்றாவது, கடைசியில் உள்ள குறிப்புரை. பலரும் இதைப் படிப்பதே இல்லை. பட்டா எந்த உத்தரவின்படி இந்தப் பெயருக்கு மாறியது என்பதும், அந்த உத்தரவின் தேதியும் இங்கேதான் இருக்கும். நம் மாதிரியில் 2019-ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது. அப்படியானால், 142/3A என்ற எண் 2019-க்கு முன்பு இருந்திருக்குமா? இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் எப்போது பிறந்தது?

முன்பு எழுதி வைத்த உட்பிரிவுப் பட்டியலை இப்போது எடுங்கள். 142-ஆம் எண்ணில் 1, 2, 3A, 3B, 4 என்று வந்திருக்கிறது. தனியாக 3 என்ற உட்பிரிவு இல்லை. 142/3 என்று ஒரே நிலமாக இருந்ததை 3A, 3B என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே அடையாளம். 3B-க்கும் பட்டாவை எடுத்துப் பாருங்கள். விற்பவரின் அண்ணன் பெயரும் அதே 2019 உத்தரவும் இருந்தால், சந்தேகத்துக்கு இடமில்லை. 142/3A என்ற எண் 2019-இல்தான் பிறந்திருக்கிறது. அதற்கு முன் இந்த நிலத்தின் பேரில் நடந்த எல்லாமே 142/3 என்ற எண்ணில் இருக்கும்.

இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். அதே தளத்தில் ‘அ’ பதிவேட்டைப் பார்வையிடும் பகுதி இருக்கிறது. புல எண், உட்பிரிவைக் கொடுத்தால், நிலத்தின் வகை, நன்செயா புன்செயா, பாசன ஆதாரம், மண் வகை, பரப்பு, பட்டாதாரர் ஆகியவற்றோடு பழைய புல எண்ணும் வரும். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் எண்கள் மாறின. அதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய எண்ணில்தான் இருக்கும். நம் நிலத்துக்குப் பழைய எண் 87/2 என்று வைத்துக்கொள்வோம். திரையில் அந்த இடம் காலியாக இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பவரின் பழைய பத்திரத்தில் உள்ள சொத்து விவரத்திலும் இருக்கும்.

‘அ’ பதிவேட்டைத் திறந்திருக்கும்போதே நிலத்தின் வகையையும் பாருங்கள். ரயத்துவாரி என்று இருந்தால் அது பட்டா நிலம். புறம்போக்கு, தரிசு என்று இருந்தால் அரசு நிலம். அதை வாங்கக் கூடாது. கோயில் பெயர் இருந்தாலும், குறிப்பில் ஒப்படை நிலம், பஞ்சமி நிலம் என்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒப்படை நிலங்களை விற்கக் கட்டுப்பாடுகள் உண்டு. பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது.

ஒரே நிலத்துக்கு மூன்று முறை வில்லங்கம் பாருங்கள்

இப்போது நம் கையில் மூன்று எண்கள் இருக்கின்றன: 142/3A, 142/3, 87/2. வில்லங்கம் பார்ப்பது பதிவுத் துறையின் தளத்தில்.

```
tnreginet.gov.in
```

பயனர் கணக்கு கேட்டால் உங்கள் பெயரில் உருவாக்கிக்கொள்ளுங்கள். மின்னணுச் சேவைகளில் வில்லங்கச் சான்று பார்வையிடும் பகுதிக்குச் சென்று, மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேடும் காலம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று நிரப்ப வேண்டும். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அந்த ஆண்டு தொடங்கியே தேடுங்கள். அதற்கும் முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும்.

முதல் தேடல் 142/3A. முடிவு: பதிவுகள் எதுவும் இல்லை. விற்பவர் காட்டிய ‘சுத்தமான’ ஈ.சி. இதுதான். ஆனால் பாகப்பிரிவினையில் கிடைத்த நிலம் என்று அவரே சொல்கிறார். அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம்கூட இந்த ஈ.சி.யில் வரவில்லையே? பத்திரம் பதிவானபோது 3A என்ற எண்ணே இல்லை. அதனால் அது பழைய எண்ணில் நிற்கிறது. ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். விற்பவருக்கு நிலம் வந்த பத்திரமே உங்கள் ஈ.சி.யில் இல்லையென்றால், அந்த ஈ.சி. தவறான எண்ணில் எடுக்கப்பட்டது, அல்லது தவறான காலத்துக்கு எடுக்கப்பட்டது. அதை ‘வில்லங்கம் இல்லை’ என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது தேடல் 142/3. இப்போது இரண்டு பதிவுகள் வருகின்றன. 2006-இல் விற்பவரின் அப்பா இந்த நிலத்தை ஒரு வங்கியில் அடைமானம் வைத்திருக்கிறார். 2018-இல் அண்ணன், தம்பி இருவரும் பாகப்பிரிவினை செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது தேடல் 87/2. அப்பா 1984-இல் இந்த நிலத்தைக் கிரயம் வாங்கிய பதிவு வருகிறது. இதன் பத்திர எண்ணும் ஆண்டும், 2018 பாகப்பிரிவினைப் பதிவில் முந்தைய ஆவண எண் என்ற இடத்தில் இருப்பதோடு பொருந்தினால், சங்கிலி அறுபடாமல் இருக்கிறது என்று பொருள். பொருந்தவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு பத்திரம் உங்கள் கண்ணில் படவில்லை.

உங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருந்திருந்தால், அந்தக் காலத்துக்கு அந்த அலுவலகத்தின் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும். பழைய பத்திரத்தில் உள்ள அலுவலக முத்திரையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வந்த பதிவுகளை எப்படிப் படிப்பது?

2006 அடைமானத்தை எடுத்துக்கொள்வோம். கடன் கட்டி முடித்திருந்தால், அதற்கான ரசீது ஆவணம் பதிவாகி ஈ.சி.யில் இன்னொரு வரியாக வந்திருக்க வேண்டும். நம் மாதிரியில் வரவில்லை. ‘அதெல்லாம் அப்பா இருக்கும்போதே கட்டியாச்சு’ என்று விற்பவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். கடனைக் கட்டிவிட்டு, ரசீதைப் பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. ஆனால் அதை வாய் வார்த்தையாக ஏற்கக் கூடாது. வங்கியில் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வாங்கி, ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, அந்த வரி ஈ.சி.யில் வந்த பிறகு மேற்கொண்டு பேசுங்கள். அந்த வேலை விற்பவருடையது.

அடுத்தது 2018 பாகப்பிரிவினை. 1984-இல் அப்பா தன் பெயரில் விலை கொடுத்து வாங்கிய நிலம் இது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. ஆனால் ஈ.சி.யில் எழுதிக் கொடுத்தவர்கள், எழுதி வாங்கியவர்கள் என்ற இடத்தில் அண்ணன், தம்பி பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. ஒரு சகோதரி இருந்தால்? அம்மா இருந்தால்? அவர்கள் பங்கை விட்டுக் கொடுத்திருந்தால் விடுதலைப் பத்திரம் பதிவாகி ஈ.சி.யில் வந்திருக்கும். அதுவும் இல்லை.

பட்டா தம்பி பெயரில் தனியாக இருப்பதால் சகோதரியின் பங்கு போய்விடாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அதில் பெயர் இருப்பது மட்டுமே ஒருவருக்கு உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. எனவே அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அவர் ஏற்கெனவே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், உங்கள் கிரயப் பத்திரத்தில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுமே இல்லாவிட்டால் விலை குறைவு என்பதற்காக அந்த நிலத்துக்குள் போகாதீர்கள்.

பரப்பு வித்தியாசத்துக்கான காரணமும் இங்கேயே தெரிகிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மொத்தம் 3 ஏக்கர் 20 சென்ட் என்று எழுதி, ஆளுக்கு 1 ஏக்கர் 60 சென்ட் என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் 3A-வில் 62.50 ஏர், 3B-யில் 62.00 ஏர் சேர்த்தால் 124.50 ஏர்தான். அதாவது 3 ஏக்கர் ஏழரை சென்ட். பத்திரத்தில் எழுதிய அளவு நிலம் புலத்தில் இல்லவே இல்லை.

இணையத்தில் தெரியாதவை

பதிவு செய்யாத ஒப்பந்தங்கள், வாய்மொழிக் குத்தகை, நிலுவையில் உள்ள பல வழக்குகள் ஆகியவை இந்தத் தாள்களில் வராது. கூட்டுக் கிணற்றில் எத்தனை முறை இறைக்கும் பாத்தியம், வண்டிப் பாதை, வாய்க்கால் உரிமை ஆகியவையும் பட்டாவில் இருக்காது. அவை பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதப்பட்டிருக்கும். ‘அ’ பதிவேட்டில் பாசன ஆதாரம் என்று ஏரியோ கால்வாயோ இருப்பதைப் பார்த்து, இன்றும் தண்ணீர் வருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது எப்போதோ எழுதிய பதிவு. நிலத்துக்கு நேரில் சென்று, இப்போது யார் உழுகிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பக்கத்து நிலக்காரர்களிடம் விசாரியுங்கள்.

இணையத்தில் பார்வையிடும் ஈ.சி. நீங்கள் தெரிந்துகொள்ள உதவும். வங்கிக் கடனுக்கும் வழக்கறிஞரின் கருத்துக்கும் கட்டணம் செலுத்தி, சான்றிட்ட ஈ.சி. எடுக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதும் மூன்று எண்களையும் கொடுங்கள். 1984, 2006, 2018 பத்திரங்களின் சான்றிட்ட நகல்களையும் அந்தந்தப் பத்திர எண்ணைச் சொல்லி வாங்கலாம். வழக்கறிஞரிடம் போகும்போது பட்டா, ‘அ’ பதிவேடு, மூன்று ஈ.சி., பத்திர நகல்கள், வாரிசுச் சான்று ஆகியவற்றை ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, தேதி. இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த பட்டாவும் ஈ.சி.யும் அன்றைய நிலையைத்தான் சொல்லும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முதல் நாள் ஒரு முறையும், கிரயம் பதிவு செய்யும் நாளன்று காலையில் ஒரு முறையும் புதிதாக எடுத்துப் பாருங்கள். இந்த முறை தேட வேண்டிய முக்கியமான எண் 142/3A. 2019-க்குப் பிறகு யாருக்காவது புதிதாக எழுதிக் கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் அந்த எண்ணில்தான் வரும்.